அடிப்படை விலக்கு வரம்பும் வரியில்லா அடுக்கும்

அடிப்படை விலக்கு வரம்பு என்பது, ஒருவருடைய ஆண்டு வருமானம் எந்தத் தொகையைத் தாண்டாத வரை அவர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை என்று சட்டம் குறிக்கும் எல்லை. வரியில்லா அடுக்கு என்பது, வரி கட்டுபவர் உட்பட அனைவருடைய வருமானத்திலும் முதற்பகுதியாக நின்று, வரி வீதம் பூச்சியமாக உள்ள துண்டு. அன்றாடப் பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். ஆனால் வரலாற்றில் இவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்துக்காகப் பிறந்தவை. இந்தியாவில் முதலாவது 1860இல் வந்தது. இரண்டாவது 1939இல்தான் வந்தது. இடைப்பட்ட எண்பது ஆண்டுக் கால அனுபவத்தைப் பார்த்தால், கீழ்ப்படியில் வரியே இல்லாத ஓர் இடத்தைப் பெரும்பாலான வருமான வரிமுறைகள் ஏன் விட்டுவைக்கின்றன என்பது விளங்கும்.

வேறுபாட்டை ஒரு கணக்கால் பார்க்கலாம். வரம்பு 1,000 ரூபாய், வரி நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். வெறும் விலக்கு வரம்பு மட்டும் இருந்தால் 1,000 ரூபாய் பெறுபவர் ஒன்றும் கட்ட வேண்டாம். 1,001 ரூபாய் பெறுபவர் முழுத் தொகைக்கும் கட்ட வேண்டும், அதாவது ஐம்பது ரூபாய். ஒரு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு ஐம்பது ரூபாய் போகிறது. வரியில்லா அடுக்கு இருந்தால் அதே மனிதர் 1,000க்கு மேற்பட்ட ஒரு ரூபாய்க்கு மட்டும் ஐந்து பைசா கட்டுவார். முன்னது சுவர், பின்னது சரிவு.

இங்கிலாந்தில் தொடங்கிய வாதம்

1799இல் பிரெஞ்சுப் போர்ச் செலவுக்காக வில்லியம் பிட் கொண்டுவந்த வருமான வரியில், ஆண்டுக்கு 60 பவுனுக்குக் குறைந்த வருமானத்துக்கு வரி இல்லை. அறுபதிலிருந்து இருநூறு பவுன் வரை வீதம் சிறிது சிறிதாக ஏறி, இருநூறில் பத்திலொரு பங்கை எட்டியது. சுவர் எழக்கூடாது என்ற எண்ணம் அப்போதே இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் 1842இல் ராபர்ட் பீல் வருமான வரியை மீண்டும் கொண்டுவந்தபோது அந்தப் படிப்படியான ஏற்றம் இல்லை. 150 பவுனுக்குக் கீழ் விலக்கு; அதை எட்டினால் முழு வருமானத்துக்கும் பவுனுக்கு 7 பென்ஸ் வரி. 149 பவுன் பெறுபவருக்கு வரி இல்லை. 150 பவுன் பெறுபவருக்கு 4 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ்.

இதற்கு மாற்றாக ஒரு தெளிவான கருத்தை முன்வைத்தவர் ஜான் ஸ்டூவர்ட் மில். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் கழித்தவர் அவர். 1848இல் வெளிவந்த தம் அரசியல் பொருளாதார நூலில், உயிர்வாழவும் உடல்நலம் காக்கவும் தேவையான தொகைக்கு வரி விதிக்கக்கூடாது என்றார். பெந்தாமிடமிருந்து பெற்ற கருத்து என்பதையும் அவர் மறைக்கவில்லை. 50 பவுன் போதுமென்றால் அந்த 50 பவுனை ஏழைக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வரி போட வேண்டும் என்பது அவர் முறை.

மில் வருமானம் கூடக் கூட வீதத்தையும் கூட்டுவதை எதிர்த்தவர். ஆனால் அவர் சொன்ன முறையே, வீதம் ஒன்றாக இருந்தாலும், சுமையை ஏறுமுகமாக்கிவிடுகிறது. வீதம் பத்து விழுக்காடு என்றால் 100 பவுன் பெறுபவர் 5 பவுன் கட்டுவார். அது அவர் மொத்த வருமானத்தில் ஐந்து விழுக்காடு. 1,000 பவுன் பெறுபவர் 95 பவுன் கட்டுவார். அது ஒன்பதரை விழுக்காடு. கீழே ஒரு வெற்றிடத்தை விட்டாலே மேலே சரிவு தானாக உண்டாகிவிடுகிறது. 1863இல் கிளாட்ஸ்டன் 100 முதல் 200 பவுன் வரை பெறுபவர்களுக்கு 60 பவுனைக் கழித்துக்கொள்ள இடமளித்தார். முழுமையாக இல்லாவிட்டாலும் மில்லின் கருத்து சட்டத்தில் இடம்பெற்றது.

1860: இருநூறு ரூபாய் வரம்பு

1857 எழுச்சியை அடக்கிய செலவால் இந்திய அரசின் கணக்கில் பெரும் பற்றாக்குறை விழுந்திருந்தது. அதைச் சரிசெய்ய லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன். 'எக்கனாமிஸ்ட்' இதழைத் தொடங்கியவர் இவரே. 1860 பிப்ரவரி 18 அன்று அவர் கல்கத்தாவில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் வருமான வரி இடம்பெற்றது. அவ்வாண்டின் 32ஆம் சட்டமாக அது நிறைவேறியது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு வரி இல்லை. 200 முதல் 500 வரை நூற்றுக்கு 2. ஐந்நூறும் அதற்கு மேலும் நூற்றுக்கு 4. இதில் ஒரு பங்கு பொதுப்பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. நில வருமானமும் இந்த வரிக்குள் வந்தது.

இருநூறு ரூபாய் என்றால் மாதம் ஏறத்தாழ பதினேழு ரூபாய். அதற்கு ஆண்டு வரி நான்கு ரூபாய். இந்த நான்கு ரூபாயை வாங்க என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதில்தான் கதை இருக்கிறது. மாதச் சம்பளம் பெறும் அரசு ஊழியரிடம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். மளிகைக் கடைக்காரர், தறிக்காரர், வண்டிக்காரர் ஆகியோருக்கு அது முடியாது. அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் படிவம் கொடுக்க வேண்டும். கணக்கு வைக்காதவருடைய வருமானத்தை உத்தேசமாக மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டின்மேல் வரும் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். பிறகு தண்டல் செய்ய வேண்டும். ஐயாயிரம் ரூபாய் பெறும் வணிகர் ஒருவரை மதிப்பிட்டால் 200 ரூபாய் வரும். அதே தொகையை அடித்தட்டில் திரட்ட ஐம்பது பேரைத் தேட வேண்டும்.

இதை முன்கூட்டியே சொன்னவர்களுள் ஒருவர் சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன். நேரடி வரி இந்நாட்டு மக்களின் வழக்கத்துக்கு ஒவ்வாது, படைச் செலவைக் குறைத்தாலே போதும் என்பது அவர் நிலை. அதை அரசுக்குள் மட்டும் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். தம் எதிர்ப்புக் குறிப்பைச் சென்னைச் செய்தித்தாள்களில் வெளிவரச் செய்துவிட்டார். மேலரசின் வரித் திட்டத்தை ஒரு மாகாண ஆளுநரே பொதுவெளியில் தாக்குவதை லண்டன் பொறுக்கவில்லை. அதே ஆண்டில் அவர் திரும்ப அழைக்கப்பட்டார். வில்சனும் நீண்ட நாள் இருக்கவில்லை; 1860 ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தார்.

அவருக்குப் பின் நிதி உறுப்பினராக வந்த சாமுவேல் லெயிங் இரண்டே ஆண்டுகளில் முடிவுக்கு வந்தார். 1862இல் இரண்டு விழுக்காட்டுப் பிரிவு முழுவதும் கைவிடப்பட்டு, வரம்பு 500 ரூபாயாக உயர்ந்தது. வரி கட்டியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கீழ்ப்பிரிவில் இருந்தவர்கள். ஆனால் வசூலில் அவர்கள் பங்கு சிறிது. ஏழைகள்மேல் இரக்கப்பட்டு எடுத்த முடிவு என்று இதைச் சொல்வது மிகை. தலைகளின் எண்ணிக்கையையும் பெட்டியில் விழுந்த தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்த நிர்வாகக் கணக்கு அது.

இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான முடிவும் உண்டு. 1863இல் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு வந்தவர் அதே டிரெவெல்யன். ஐந்தாண்டுக்கென இயற்றப்பட்ட அந்தச் சட்டம் 1865 ஜூலையில் அவர் கண்முன்னே காலாவதியானது. அவர் அதைப் புதுப்பிக்கவில்லை.

நாலு பை, ஐந்து பை

1869இல் வருமான வரி 500 ரூபாய் வரம்போடு திரும்பி வந்தது. எதிர்ப்பும் உடன் வந்தது. மதிப்பீடு செய்யப் போகும் கீழ்நிலை ஊழியர்கள், வரம்புக்குக் கீழே இருப்பவர்களையும் "உன் பெயரைச் சேர்த்துவிடுவேன்" என்று மிரட்டிப் பணம் பிடுங்குகிறார்கள் என்பது அப்போது ஓயாமல் எழுந்த புகார். வரம்பு தாழ்ந்திருந்தால் இப்படி மிரட்டப்படக்கூடியவர்களின் கூட்டம் பெரிதாகிறது. சட்டப்படி வரியே கட்டத் தேவையில்லாதவருக்குத்தான் இதில் அதிக ஆபத்து, ஏனெனில் தமக்கு வரியில்லை என்று எழுத்தில் காட்ட அவரிடம் கணக்கு இருக்காது. அரசு வரம்பை 1871இல் 750 ஆக்கியது. 1872இல் 1,000 ஆக்கியது. 1873இல் வரியையே கைவிட்டது.

நிலைத்து நின்றது 1886ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டம். வேளாண் வருமானத்தை அது முற்றிலும் வெளியே நிறுத்தியது. மற்ற வருமானங்களுக்கு 500 ரூபாய் வரம்பு. சம்பளக்காரருக்கு மாதம் 41 ரூபாய் 10 அணா 8 பைக்குக் குறைந்தால் வரி இல்லை. அதற்கு மேல் ரூபாய்க்கு 4 பை. ஆண்டுக்கு 2,000 ரூபாயை எட்டினால் ரூபாய்க்கு 5 பை. நயா பைசா வருவதற்கு முன் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை, ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை என்பதை இளைய வாசகர்கள் நினைவில் கொள்ளவும்.

இதைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 499 ரூபாய் சம்பளம் பெறும் எழுத்தருக்கு வரி இல்லை. 500 ரூபாய் பெறுபவருக்கு 2,000 பை, அதாவது 10 ரூபாய் 6 அணா 8 பை. கையில் நிற்பது 489 ரூபாய்ச் சில்லறை. சம்பளம் கூடியவர் கூடாதவரைவிட ஏழையாகிவிட்டார். 2,000த்தில் இதே கதை இன்னொரு முறை நடக்கிறது. 1,999 ரூபாய் பெறுபவருக்கு வரி 41 ரூபாய் 10 அணா 4 பை. 2,000 பெறுபவருக்கு 52 ரூபாய் 1 அணா 4 பை. ஒரு ரூபாய் சம்பள உயர்வுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் வரி உயர்வு.

இதற்குப் படிமுறை என்று பெயர். வருமானம் எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியின் வீதம் முழு வருமானத்துக்கும் பொருந்தும். கணக்கிடுவது எளிது என்பது அதன் ஒரே நன்மை. தீமை, படியின் விளிம்பில் நிற்பவரைப் பொய் சொல்லத் தூண்டுவது. 505 ரூபாய் வருமானமுள்ள கடைக்காரர் 495 என்று எழுதினால் அவருக்குப் பத்து ரூபாய் மிச்சம். மதிப்பீட்டாளர் அவர் 505தான் என்று நிரூபிக்க நாள் கணக்கில் உழைக்க வேண்டும். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஆட்கள் கூட்டமாக நிற்பதும், சற்று மேலே யாரும் இல்லாமல் வெறுமையாக இருப்பதும் இப்படிப்பட்ட சுவரின் அடையாளம். எந்த நாட்டு வரிப் புள்ளிவிவரத்திலும் இதை வைத்தே சுவரைக் கண்டுபிடிக்கலாம்.

வரம்புக்குக் கீழே இருந்தவர்கள் கட்டிய வரி

விலக்கு வரம்புக்குக் கீழே இருந்தவர்கள் வரியே கட்டவில்லை என்று நினைத்துவிடக்கூடாது. அவர்கள் உப்புக்கு வரி கட்டினார்கள். மாதம் பத்து ரூபாய்க்காரருக்கும் ஆயிரம் ரூபாய்க்காரருக்கும் உடம்புக்குத் தேவைப்படும் உப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே உப்பு வரி வருமானத்தில் ஏழைக்குப் பெரிய பங்காகவும் செல்வருக்குத் தூசாகவும் விழுந்தது. வரியில்லா அடுக்குக்கு ஆதரவாக வரும் வாதங்களில் இது வலுவானது: கீழ்த்தட்டு மக்கள் பொருள்கள் மீதான வரி வழியாக ஏற்கெனவே தம் பங்கைக் கட்டிவிடுகிறார்கள், வருமான வரி அதற்கு மேல் இன்னொரு சுமையாக வரக்கூடாது.

கர்சன் ஆட்சியில் 1903ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் இரண்டையும் ஒருசேரத் தொட்டது. உப்பு வரி மணங்குக்கு இரண்டரை ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாகக் குறைந்தது; வருமான வரி வரம்பு 500லிருந்து 1,000 ஆனது. முதல் உலகப் போரின் விலையேற்றத்துக்குப் பின் 1919இல் வரம்பு 2,000 ஆனது. 1931இல் உலகப் பொருளாதார மந்தத்தில் அரசின் வருவாய் விழுந்தபோது இரண்டும் எதிர்த்திசையில் நகர்ந்தன. உப்பு உள்ளிட்ட வரிகள்மீது நாலில் ஒரு பங்கு கூடுதல் வரி ஏறியது. வருமான வரி வரம்பு மீண்டும் 1,000த்துக்கு இறங்கியது. 1936இல்தான் பழைய 2,000 திரும்பியது. பணமுடை வந்தால் கையை நீட்டுவதற்குத் தோதான இடமாகக் கீழ்ப்படி இருந்திருக்கிறது.

1939: சுவர் சரிவான ஆண்டு

சுவரின் கொடுமை அரசுக்குத் தெரியாமல் இல்லை. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்கு ஓர் ஒட்டு போட்டது. வரம்பைச் சற்றே தாண்டியவர், வரி கட்டியபின் வரம்பில் நின்றவரைவிடக் குறைவான தொகையோடு நிற்கக்கூடாது. அந்த அளவுக்கு வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றது. இன்று எல்லை நிவாரணம் அல்லது மார்ஜினல் ரிலீஃப் என்று சொல்லப்படுவது இதுவே. ஆனால் இது அரைமருந்து. 2,000 ரூபாய் வரம்பில் ஒருவர் 2,030 பெற்றால், கூடுதலாகப் பெற்ற முப்பது ரூபாயும் ஏறத்தாழ முழுக்க வரியாகப் போய்விடும். இழப்பு இல்லை, ஆனால் அந்த முப்பது ரூபாய்க்கு உழைத்ததில் பயனும் இல்லை.

1936இல் அறிக்கை தந்த வருமான வரி விசாரணைக் குழு படிமுறையைக் கைவிட்டு அடுக்குமுறைக்கு மாறப் பரிந்துரைத்தது. 1939 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நிதிச் சட்டத்தில் முதல் 1,500 ரூபாய்க்கு வரி இல்லை. அடுத்த 3,500க்கு ரூபாய்க்கு 9 பை. அதற்கடுத்த 5,000த்துக்கு ரூபாய்க்கு 1 அணா 3 பை. இப்படி மேலே ஏறும். மில் எழுதித் தொண்ணூற்றோரு ஆண்டுகளுக்குப் பின், ஐயாயிரம் பெறுபவருக்கும் ஐம்பதாயிரம் பெறுபவருக்கும் முதல் 1,500 ரூபாய் வரியில்லாமல் கழிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வரியில்லா அடுக்கு 1,500 ஆனாலும் விலக்கு வரம்பு 2,000 ஆகவே இருந்தது. 2,000 வரை பெறுபவருக்கு வரியே இல்லை. அதைத் தாண்டினால் கணக்கு 1,500லிருந்து தொடங்கும். 2,100 ரூபாய் பெறுபவர் 600 ரூபாய்க்கு ரூபாய்க்கு ஒன்பது பை வீதம் 28 ரூபாய் 2 அணா கட்டுவார். ஆனால் 2,001 ரூபாய் பெறுபவர் இதே கணக்கில் 23 ரூபாய்க்கு மேல் கட்ட நேருமே? அதற்காக, 2,000த்துக்கு மேற்பட்ட தொகையில் பாதிக்கு மேல் வரி போகக்கூடாது என்று சட்டம் எல்லை கட்டியது. ஆகவே அவர் கட்டியது எட்டணா. 2,040 பெறுபவர் 20 ரூபாய். ஏறக்குறைய 2,052 ரூபாயை எட்டும்போது இரண்டு கணக்கும் சந்திக்கும். அதற்கு மேல் சாதாரண அடுக்குக் கணக்கே ஓடும். ஒட்டு தேவைப்பட்ட தூரம் ஐம்பது ரூபாய்தான். அந்தத் தூரத்திலும் கூடுதல் வருமானத்தில் பாதி கையில் நின்றது. பிற்காலத்தில் வந்த சில ஏற்பாடுகளோடு ஒப்பிட்டால் 1939இன் வரைவு மிக நயமானது என்றே சொல்வேன்.

விடுதலைக்குப் பின்

1947 வரவு செலவுத் திட்டத்தில் வரம்பு 2,500 ஆனது. பின் 3,000, 3,600 என உயர்ந்து 1953இல் 4,200 ஆனது. 1957இல் சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி அதை 3,000த்துக்கு இறக்கினார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. 1931இல் போலக் கீழ்ப்படியின் மேல் மறுபடியும் கைவைத்த ஆண்டு அது. குடும்பச் சுமையைக் கருதி மணமானவருக்கு மணமாகாதவரைவிடப் பெரிய வரியில்லா அடுக்கும், குழந்தைகளுக்காகச் சிறு கூடுதலும் அக்காலத்தில் இருந்தன. உயிர்வாழத் தேவையான தொகை என்ற மில்லின் கருத்தை நேரடியாகப் பின்பற்றினால் அங்கேதான் வந்து சேர வேண்டும். ஒருவர் வாழத் தேவையானதும் நால்வர் வாழத் தேவையானதும் ஒன்றல்ல. பின்னாளில் எளிமை கருதி இந்த வேறுபாட்டைக் கைவிட்டார்கள்.

இந்திய வரம்பு விலைவாசியோடு தானாக ஏறுவதில்லை. நாடாளுமன்றம் கைவைத்தால்தான் நகரும். சும்மா விட்டால், சம்பளம் பெயரளவில் கூடக்கூட, உண்மையில் வசதி கூடாதவர்களும் வரிக்குள் வந்துவிடுவார்கள். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் வரி ஏறும் வழி இது. பழைய வரிமுறையில் 2,50,000 ரூபாய் என்ற வரம்பு 2014இல் வைக்கப்பட்டது, 2025இலும் அதுவே. ஜெர்மனியில் இந்த விருப்புரிமைக்கு நீதிமன்றம் கடிவாளம் போட்டது. மனிதர் வாழ்வதற்கான குறைந்தபட்சத் தொகைக்கு அரசு வரி விதிக்கக்கூடாது என்று அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. சமூக உதவியாக அரசே ஒருவருக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கிறதோ, அதே அளவைச் சம்பாதிப்பவரிடமிருந்து பிடுங்குவது முரண் என்பது அதன் அடிப்படை. 1996இல் அங்கே வரியில்லா அடுக்கு ஒரே தாவலில் ஏறக்குறைய இரு மடங்கானது.

தள்ளுபடி என்னும் பழைய சுவர்

வரியில்லா அடுக்கை உயர்த்துவதில் அரசுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. 2,50,000 ரூபாயை 3,00,000 ஆக்கினால், ஐந்து விழுக்காடு வீதம் 2,500 ரூபாய் மிச்சமாகும். ஆனால் அது மூன்று லட்சம் பெறுபவருக்கு மட்டும் மிச்சமாவதில்லை. மூன்று கோடி பெறுபவருக்கும் அதே 2,500 ரூபாய் மிச்சம். அடுக்கு எல்லோருக்கும் பொது என்பதே அதன் நியாயம். அதுவே அதன் செலவும். கீழே உள்ளவருக்கு மட்டும் சலுகை தர வேண்டும், மேலே உள்ளவரிடம் வருவாய் இழக்கக்கூடாது என்றால், பழைய விலக்கு வரம்பு முறைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

அப்படித்தான் போனார்கள். 1977இல் வரம்பு 10,000, வரியில்லா அடுக்கு 8,000 என்று வைக்கப்பட்டது, 1939இன் வடிவமேதான். 2004இல் ப. சிதம்பரம் அடுக்கை 50,000த்திலேயே விட்டுவிட்டு, ஒரு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 88டி என்ற பிரிவின்கீழ் வரித் தள்ளுபடி தந்தார். அடுத்த ஆண்டே அடுக்கையே ஒரு லட்சமாக உயர்த்தி அதை நேர்செய்தார். 2013இல் 87ஏ என்ற பிரிவு வந்தது. வரியைக் கணக்கிட்டுவிட்டு, வருமானம் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டாவிட்டால் அந்த வரியைத் தள்ளுபடி செய்வது அதன் வேலை. 2019இல் இத்தள்ளுபடி 12,500 ரூபாயாகவும், அதற்குரிய வருமான எல்லை ஐந்து லட்சமாகவும் ஆயின.

பழைய வரிமுறையில் இதன் விளைவைக் கணக்கிடலாம். அறுபது வயதுக்கு உட்பட்டவர், எல்லாக் கழிவுகளும் போக 5,00,000 ரூபாய் வருமானம் உடையவர் என்று கொள்வோம். முதல் 2,50,000க்கு வரி இல்லை. அடுத்த 2,50,000க்கு ஐந்து விழுக்காடு, 12,500 ரூபாய். அது முழுதும் தள்ளுபடி, வரி பூச்சியம். இப்போது வருமானம் 5,00,010 என்று வைப்போம். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பத்து ரூபாய்க்கு இருபது விழுக்காடு இரண்டு ரூபாய், ஆக 12,502. தள்ளுபடி இல்லை. நான்கு விழுக்காடு செஸ் சேர்ந்து, பத்தின் மடங்காக்கினால், 13,000 ரூபாய். பத்து ரூபாய்க்காகப் பதின்மூன்றாயிரம். இந்தத் தள்ளுபடிக்குப் பழைய வரிமுறையில் எல்லை நிவாரணம் தரப்படவில்லை. 1886இன் எழுத்தர் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்கிறார். பிப்ரவரி மாதங்களில் ஆசிரியர் ஓய்வறையில் சேமிப்புப் பத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எப்படியாவது ஐந்து லட்சத்துக்குள் கொண்டுவரச் சகப் பணியாளர்கள் கணக்குப் போட்டது வீண் பதற்றமல்ல. கடைசிச் சில நூறு ரூபாயை வைப்பு நிதியில் போடுவதா வேண்டாமா என்பதில் பதின்மூன்றாயிரம் ரூபாய் தொங்கியது.

இதோடு ஒரு பிழையான அச்சத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். "சம்பளம் கூடினால் இருபது விழுக்காட்டுக்குப் போய்விடுவேன், கையில் குறைந்துவிடும்" என்று பலர் சொல்வார்கள். அடுக்குமுறையில் அது நடக்காது. புதிய வீதம் மேற்பட்ட தொகைக்கு மட்டுமே பொருந்தும். கையில் குறைவது தள்ளுபடியின் விளிம்பில் மட்டும்தான்.

புதிய வரிமுறையில் 2025-26ஆம் நிதியாண்டுக்கு வரியில்லா அடுக்கு 4 லட்சம். அடுத்த நான்கு லட்சத்துக்கு ஐந்து விழுக்காடு, அதற்கடுத்த நான்கு லட்சத்துக்குப் பத்து, அதற்கடுத்ததற்குப் பதினைந்து. 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 60,000 ரூபாய் வரை தள்ளுபடி. "பன்னிரண்டு லட்சம் வரை வரியில்லை" என்று செய்தித்தாள்கள் எழுதியது இதைத்தான். ஆனால் விலக்கு அடுக்கு பன்னிரண்டு லட்சமாகவில்லை, அது நான்கு லட்சமே. மாதச் சம்பளம் போன்ற வழக்கமான வருமானத்தில் 12,10,000 ரூபாய் பெறுபவருக்கு அடுக்குக் கணக்குப்படி வரி 20,000 + 40,000 + 1,500 = 61,500. இங்கே எல்லை நிவாரணம் உண்டு. ஆகவே வரி, 12 லட்சத்துக்கு மேற்பட்ட 10,000 ரூபாயோடு நிற்கும். அதன்மேல் செஸ் 400 ரூபாய். பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்தவர் 10,400 கட்டுகிறார். இந்த நிலை ஏறத்தாழ 12,70,600 ரூபாய் வரை நீடிக்கிறது. 1939இல் ஒட்டுப் போட்ட தூரம் வரம்பில் நாற்பதில் ஒரு பங்கு. இப்போது பதினேழில் ஒரு பங்கு. அன்று அந்தத் தூரத்தில் கூடுதல் ரூபாயில் எட்டணா மிஞ்சியது. இன்று ஒன்றும் மிஞ்சுவதில்லை.